மந்த காலத்தில் அரசு செலவைக் குறைக்கலாமா? படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டி.என்.பி.எஸ்.சி. எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். ‘சிக்கன நடவடிக்கை’ என்ற பாடம் வந்தால் போதும், அன்று வேறு பாடம் நடக்காது. வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதி வைக்கிறேன்.

“சிக்கன நடவடிக்கைன்னா ஆபீஸ்ல ஏசி, காரு, டீ பிஸ்கட் செலவக் கொறைக்கிறதுதானே சார்? அதுக்கு எதுக்கு இவ்ளோ சண்டை?”

டீ பிஸ்கட்டைக் குறைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதில் மிச்சமாகும் தொகையும் சொற்பம். சண்டை பெரிய செலவுகளைப் பற்றியது: ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவது, ஆஸ்பத்திரி, சாலை, மானியம். இவற்றை வெட்டியோ, வரியைக் கூட்டியோ, இரண்டையும் செய்தோ நிதிப் பற்றாக்குறையை வேகமாகச் சுருக்குவதைத்தான் பொருளாதாரத்தில் சிக்கன நடவடிக்கை என்கிறோம்.

இதை எப்போது செய்வது என்பதில்தான் சூடு பிறக்கிறது. வியாபாரம் ஓஹோவென்று ஓடும் வருடத்தில் அரசு கையை இறுக்கினால் முணுமுணுப்போடு போய்விடும். ஏற்கெனவே கடைகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் வருடத்தில் இறுக்கினால் என்ன ஆகும்? அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பக்கம் முழுக்க.

“ஊட்ல வருமானம் கொறஞ்சா நாம செலவக் கொறைக்கிறோம். கவர்மென்ட் மட்டும் ஏன் அப்படி செய்யக் கூடாது?”

உன் வீட்டில் ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் உன் அப்பாவின் சம்பளம் குறையாது. உன் செலவு வேறு யாருக்கோ வருமானம், உன் வருமானம் வேறு எங்கிருந்தோ வருகிறது. அதனால் வீட்டுச் சிக்கனம் பலிக்கிறது, மிச்சம் பிடித்தது அப்படியே மிச்சமாக நிற்கிறது.

அரசுக்கு அப்படி இல்லை. அது செலவழிக்கும் பணம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது, அந்தச் சுற்றிலிருந்துதான் அதன் வரி வருமானமும் வருகிறது. மந்த காலத்தில் வீடுகளும் கடைகளும் ஏற்கெனவே கையை மூடிக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் அரசும் மூடினால் எல்லோருடைய வருமானமும் சேர்ந்து இறங்கும், வரியும் இறங்கும். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்ததில் ஒரு பகுதி கைக்கே வராது. எவ்வளவு வராது என்பதில்தான் பொருளாதார அறிஞர்களுக்குள் தகராறு.

“2020ல டி.ஏ. நிறுத்துனாங்க. அது கவர்மென்ட் ஸ்டாஃபுக்குத்தானே நஷ்டம்? எங்க கடைக்கு என்ன வந்துச்சு?”

கேட்ட பெண்ணின் வீட்டார் எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு தன் ஊழியர்களின் பஞ்சப்படி உயர்வை 2021 ஜூலை வரை நிறுத்தியது. அதே மாதம் தமிழ்நாடு அரசும் நிறுத்தியது, ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக வாங்குவதையும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வைத்தது. வர வேண்டியிருந்த உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் 4%. முப்பதாயிரம் அடிப்படைச் சம்பளக்காரருக்கு மாதம் 1,200 ரூபாய்.

அந்த 1,200 எங்கே போயிருக்கும் என்று என் பெரியப்பா மகனின் கடையில் பார்த்தேன். அவரும் பழைய வண்ணாரப்பேட்டையில் சேலை வியாபாரம்தான். பள்ளிக்கூட டீச்சர்களும் ஆஸ்பத்திரி நர்ஸ்களும் மாதத் தவணையில் வாங்கும் கணக்கை நீள நோட்டில் எழுதி வைப்பார். சேலை விற்றால் அதோடு ஃபால்ஸ் அடிக்க, பிளவுஸ் தைக்க என்று அடுத்த சந்து தையல்கார அக்காவுக்கு வேலை போகும், அதற்கு நோட்டிலேயே தனிப் பத்தி. அந்த வருடத் தீபாவளிப் பக்கத்தில் சேலைப் பத்தி பாதி நிரம்பியிருந்தது. தையல் பத்தி கிட்டத்தட்ட காலி. “சேல எடுக்குறவங்ககூட பிளவுஸ் பழசே போதும்னுட்டாங்கடா” என்றார். அந்த அக்கா கட்டிக்கொண்டிருந்த சீட்டைப் பாதியில் நிறுத்தினார்.

அரசு மிச்சம் பிடித்த ஒரு ரூபாயால் ஊரின் மொத்த வருமானம், அதாவது ஜி.டி.பி., எத்தனை ரூபாய் குறைகிறது என்ற எண்ணுக்குப் பெயர் பெருக்கி. ஒரு ரூபாய் வெட்டினால் ஐம்பது காசு குறைந்தால் பெருக்கி 0.5. ஒன்றரை ரூபாய் குறைந்தால் 1.5. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

“கிரீஸ், கிரீஸ்னு எல்லா புக்குலயும் போட்டிருக்கு. அங்க அப்படி என்ன நடந்துச்சு?”

2009 அக்டோபரில் கிரீஸில் புது அரசு வந்தது. வந்ததும் பழைய கணக்கில் காட்டியதைவிடப் பற்றாக்குறை பல மடங்கு என்று அறிவித்தது. இறுதியில் அந்த வருடப் பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 15% என்று தெரிந்தது. கடன் கொடுத்து வந்தவர்கள் கையை விரித்தார்கள். 2010 மே மாதம் யூரோ நாடுகளும் ஐ.எம்.எஃப்.பும் சேர்ந்து 110 பில்லியன் யூரோ கடன் தர ஒப்புக்கொண்டன. நிபந்தனை: செலவை வெட்டு, வரியைக் கூட்டு. வாட் வரி ஒரே வருடத்தில் 19 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குப் போனது. சம்பளமும் ஓய்வூதியமும் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கூலியையே 22% குறைத்தார்கள்.

வலிக்கும் என்று திட்டம் போட்டவர்களுக்கும் தெரியும். 2009இலிருந்து 2012க்குள் ஜி.டி.பி. 5.5% குறையும், வேலையில்லாதோர் 15% ஆவார்கள் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். நடந்தது 17% வீழ்ச்சி. 2012இல் வேலையில்லாதோர் 25%, அடுத்த வருடம் 27 சதவீதத்தையும் தாண்டியது. கடன், ஜி.டி.பி.யோடு ஒப்பிட்டால், 2009 இறுதியில் சுமார் 127%. இரண்டே வருடத்தில் 170 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கடனைக் குறைக்கப் போட்ட திட்டத்தில் கடன் விகிதம் ஏறியது. வருடத்துக்கு வருடம் பற்றாக்குறை மிச்சமிருந்ததால் கடன் தொகை கூடியது ஒரு பக்கம், வருமானம் சுருங்கியது மறுபக்கம். இரண்டாவதைத்தான் யாரும் சரியாக எடை போடவில்லை.

“செலவக் கொறைச்சா கடன் கொறையணும் சார். கூடுச்சுன்னா கணக்கே இடிக்குதே?”

போர்டில் போட்டுக் காட்டினால் இடிக்காது. ஒரு நாட்டின் ஜி.டி.பி. 100, கடன் 130 என்று வைப்போம். விகிதம் 130%. ஜி.டி.பி. ஒரு ரூபாய் குறைந்தால் அரசுக்கு வரவு 40 காசு குறையும் என்று வைப்போம், ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய அந்த அளவு. அரசு இப்போது 3 ரூபாய் வெட்டுகிறது.

பெருக்கி 0.5 என்றால் ஜி.டி.பி. 1.5 குறைந்து 98.5 ஆகும். வரியில் 60 காசு போகும், உண்மையான மிச்சம் 2.40. கடன் 127.6. இதை 98.5ஆல் வகுத்தால் 129.5%. கொஞ்சமாவது இறங்கியிருக்கிறது. அதே 3 ரூபாய் வெட்டுக்குப் பெருக்கி 1.5 என்றால் ஜி.டி.பி. 4.5 குறைந்து 95.5. வரியில் 1.80 போய்விடும், மிச்சம் வெறும் 1.20. கடன் 128.8. வகுத்தால் 134.9%. மேலே இருக்கும் கடன் தொகை குறைந்துதான் இருக்கிறது. கீழே வகுக்கும் எண் அதைவிட வேகமாகக் குறைந்ததால் விகிதம் ஏறிவிட்டது.

எந்த இடத்தில் இறங்குவது ஏறுவதாக மாறுகிறது என்று அல்ஜீப்ரா தெரிந்த பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். விகிதம் ஏறுவதற்கான நிபந்தனை இது:

```
பெருக்கி > 1 ÷ (கடன் விகிதம் + வரவு விகிதம்)
```

நம் உதாரணத்தில் 1 ÷ (1.3 + 0.4), அதாவது 0.59. பெருக்கி அதற்குக் கீழே இருந்தால் சிக்கனம் பலிக்கும், மேலே இருந்தால் முதல் வருடத்தில் கடன் விகிதத்தை ஏற்றிவிடும். கிரீஸ் திட்டத்தில் போட்டிருந்த பெருக்கி 0.5. மயிரிழையில் ‘பலிக்கும்’ பக்கம் நின்ற எண் அது. இது ஒரு வருடக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டி எப்படி மாறும், பொருளாதாரம் எத்தனை வருடத்தில் தேறும் என்பதெல்லாம் இதில் இல்லை. தேறிவிட்டால் விகிதம் பிறகு இறங்கும். ஆனால் கடன்காரர்கள் வருடா வருடம் விகிதத்தைப் பார்த்துத்தான் வட்டி கேட்கிறார்கள், அது ஏறினால் இன்னும் வெட்டு என்கிறார்கள்.

“0.5னு எப்படிப் போட்டாங்க? பெரிய படிப்பு படிச்சவங்கதானே?”

அவர்கள் குத்துமதிப்பாகப் போடவில்லை. அதற்கு முந்தைய முப்பது நாற்பது வருட அனுபவத்தில் பெருக்கி அந்த அளவில்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அரசு வெட்டினால் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும், நாணய மதிப்பு இறங்கும், ஏற்றுமதி கூடும். வெட்டினால் உண்டான குழியில் பாதியை இவை நிரப்பிவிடும். 0.5 என்பது அப்படி நிரப்பப்பட்ட பிறகு மிஞ்சிய எண்.

2010இல் இந்த மூன்றும் கிரீஸுக்கு இல்லை. யூரோவுக்குள் இருந்ததால் சொந்த நாணயம் கிடையாது, மதிப்பைக் குறைக்க முடியாது. வட்டியை நிர்ணயிப்பது ஐரோப்பிய மத்திய வங்கி, அதுவும் ஏற்கெனவே தரை தட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. பக்கத்து நாடுகளும் அதே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கு ஏற்றுமதி செய்வது? உள்ளூர் வங்கிகளும் கடன் கொடுக்கவில்லை. குழி அப்படியே நின்றது.

2012 அக்டோபரில் ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளான்ஷார் தங்கள் அறிக்கையிலேயே இதை எழுதினார். டேனியல் லீ என்பவரோடு சேர்ந்து 2013 ஜனவரியில் விரிவாகவும் வெளியிட்டார். நெருக்கடியின் தொடக்க காலத்தில் பெருக்கி 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கிறது என்பது முடிவு. கடன் கொடுத்த அமைப்பே தன் கணக்கு பிசகியது என்று ஊரறியச் சொன்னது எனக்கு மரியாதைக்குரிய செயலாகத்தான் படுகிறது. ஆனால் அதற்குள் ஏதென்ஸில் எத்தனை கடைகளின் கதவு மூடிவிட்டது.

“கொரோனாவால வியாபாரம் படுத்துச்சா, டி.ஏ. நிறுத்துனதால படுத்துச்சா? பிரிச்சு எப்படி சொல்றது?”

நல்ல கேள்வி. மேலே சொன்ன தையல் பத்தி காலியானதற்கு முதல் காரணம் ஊரடங்கு. கல்யாணமே வீட்டுக்குள் நடந்த வருடம் அது. பஞ்சப்படியின் பங்கு எவ்வளவு என்று அந்த நோட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. பணம் போகும் பாதையை மட்டும்தான் அந்த நோட்டு காட்டும்.

நாடுகள் அளவில் பிரிக்க பிளான்ஷாரும் லீயும் ஒரு வழி கண்டார்கள். 2010இல் ஒவ்வொரு ஐரோப்பிய நாட்டுக்கும் வளர்ச்சி இவ்வளவு இருக்கும் என்று ஐ.எம்.எஃப். கணித்திருந்தது. எவ்வளவு வெட்டப் போகிறார்கள் என்பதும், மந்தம் எவ்வளவு என்பதும் அந்தக் கணிப்புக்குள்ளேயே இருக்கிறது. பெருக்கியைச் சரியாகப் போட்டிருந்தால், கணிப்பு தவறினாலும் அந்தத் தவறுக்கும் வெட்டின் அளவுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் ஜி.டி.பி.யில் ஒரு சதவீதம் கூடுதலாக வெட்டத் திட்டமிட்ட நாட்டில் வளர்ச்சி, கணித்ததைவிட ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. போட்டிருந்த 0.5உடன் அந்த ஒன்றையும் சேர்த்தால் 1.5 பக்கம் வருகிறது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. கிரீஸையும் ஜெர்மனியையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் தொடர்பு தளர்கிறது என்றார்கள். அதிகம் வெட்டிய நாடுகள் ஏற்கெனவே நோய் முற்றிய நாடுகள், நோயை மருந்தின் மேல் போடுகிறீர்கள் என்றும் சொன்னார்கள். வங்கி நெருக்கடி, கடன் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தும் முடிவு பெரிதாக மாறவில்லை என்று பிளான்ஷாரும் லீயும் காட்டியதால் நான் அவர்கள் பக்கம் சாய்கிறேன். 1.5 என்ற எண்ணை எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

“சரி, கிரீஸ் வேற என்னதான் பண்ணியிருக்கும்? கடன் குடுக்க ஆளே இல்லையே?”

சிக்கனத்தை ஆதரிப்பவர்களின் வாதங்களில் பலமானது இதுதான். 15% பற்றாக்குறை என்றால் அரசு செலவழிக்கும் பணத்தில் கணிசமான பங்கு கடன் வாங்கியது. ஐ.எம்.எஃப். வராமல் இருந்திருந்தால் கிரீஸ் அந்த 15 சதவீதத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டியிருக்கும். அந்த வகையில் கடன் வந்ததால்தான் வெட்டு மெதுவானது. காசிமேட்டில் தண்டல் வாங்கிப் பிழைப்பவருக்குத் தண்டல்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றால் என்ன செய்வார்? ‘செலவைக் குறைக்காதே’ என்று அவரிடம் சொல்வது சுலபம், அடுத்த நாள் சரக்கு எடுக்கப் பணம் யார் தருவது?

ஆனால் வழியே இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. 2010இல் வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவே போனது. அந்தக் கடன்காரர்களில் ஐரோப்பியப் பெரிய வங்கிகள் நிறைய. அவர்களிடம் ‘பாதி விட்டுக்கொடு’ என்று முதலிலேயே கேட்டிருந்தால் வெட்ட வேண்டிய அளவு குறைந்திருக்கும். கடைசியில் 2012இல் கேட்டார்கள், தனியார் கடன்காரர்கள் முகமதிப்பில் பாதிக்கு மேல் இழந்தார்கள். அதற்குள் இரண்டு வருட வெட்டு முடிந்துவிட்டது. இந்தத் தாமதத்தை ஐ.எம்.எஃப்.பின் 2013 மறுஆய்வும் குறையாகச் சொன்னது.

“கனடா வெட்டி நல்லாத்தானே வந்துச்சு? அப்ப அது எப்படி?”

வந்தது, உண்மை. 1995 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பால் மார்ட்டின் கடுமையாக வெட்டினார், சில வருடங்களிலேயே பட்ஜெட் உபரியானது, வளர்ச்சியும் இருந்தது. 0.5 பற்றிய பதிலில் சொன்ன மூன்று நிரப்பிகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள். கனடாவுக்குச் சொந்த டாலர், அதன் மதிப்பு இறங்கியது. மத்திய வங்கி வட்டியை இறக்க இடம் இருந்தது, இறக்கியது. பக்கத்து வீட்டு அமெரிக்கா செழித்துக்கொண்டிருந்தது, கனடாவின் சரக்கை அள்ளியது.

ஒரே மருந்து, இரண்டு உடம்பு. ‘வெட்டினால் வளரும்’ என்று எழுதியவர்கள் இந்த மாதிரி நாடுகளைக் காட்டித்தான் எழுதினார்கள். அந்த நாடுகள் வெட்டியதால் வளர்ந்தனவா, வெட்டியும் வளர்ந்தனவா என்று கேட்டால் பதில் இரண்டாவது பக்கம்தான் நிற்கிறது.

“கடன் 90% தாண்டுனா வளர்ச்சி நின்னுடும்னு படிச்சேன். அது எக்செல் மிஸ்டேக்காமே?”

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை அது. கடன் 90 சதவீதத்துக்கு மேல் போன நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1% என்றது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் தன் பேராசிரியர்களோடு சேர்ந்து அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் வரிசையில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. சில வருடங்கள் சேர்க்கப்படவில்லை, எடை போட்ட முறையும் கேள்விக்குரியது. எல்லாவற்றையும் சரிசெய்தபோது சராசரி 2.2%.

கடன் கூடினால் வளர்ச்சி கொஞ்சம் குறைவு என்பது திருத்திய பிறகும் தெரிகிறது. 90இல் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே போனால் விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் ஆதாரம் இழந்தது. அவசரமாக வெட்டச் சொன்னவர்கள் பலரும் அந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் சொன்னார்கள்.

“நம்ம தமிழ்நாட்டுல ஒவ்வொரு குடும்பத்து மேலயும் ரெண்டே முக்கா லட்சம் கடன்னாங்க. அப்ப நாமளும் கிரீஸ்தானா?”

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் சொன்ன எண் 2,63,976 ரூபாய். பயமுறுத்தும் எண்தான், ஆனால் ஒப்பிட வேண்டியது மாநில வருமானத்தோடு. அப்போது மாநிலத்தின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் சுமார் 27%. மேலே போட்ட நிபந்தனையில் வைத்துப் பாருங்கள். வரவு விகிதத்தைப் பத்து காசு என்று வைத்தால் 1 ÷ (0.27 + 0.10), அதாவது 2.7. ஒரு மாநிலத்தின் பெருக்கி அவ்வளவு பெரிதாக இருக்கவே இருக்காது. எம்.சி. ரோட்டில் விற்கும் சேலையில் ஒரு பங்கு சூரத்திலிருந்து வருகிறது, அந்தப் பணம் குஜராத்துக்குப் போய்விடுகிறது. எல்லை சிறியதாக இருந்தால் ஒழுக்கு அதிகம், பெருக்கி குறைவு.

ஆகவே ‘வெட்டினால் கடன் விகிதம் ஏறும்’ என்ற கிரீஸ் வாதத்தை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. எங்கள் மாணவர்கள் விடைத்தாளில் செய்யும் தவறு இதுதான். தமிழ்நாடு வெட்டினால் கடன் விகிதம் இறங்கும். அதற்கு விலையாக தையல்கார அக்கா மாதிரி ஆட்களின் வருமானம் போகும். அந்த விலை தகுமா என்பது வேறு கேள்வி.

ஒரு விஷயத்தில் மட்டும் மாநிலம் கிரீஸ் மாதிரி: சொந்த நாணயம் கிடையாது, கடன் வரம்பையும் ஒன்றிய அரசுதான் முடிவு செய்கிறது. வழக்கமான வரம்பு மாநில உற்பத்தியில் 3%. 2020 மே மாதம் அதை 5% வரை உயர்த்தினார்கள், கூடுதலில் ஒரு பகுதிக்கு நிபந்தனைகளோடு. ஒரு பக்கம் பஞ்சப்படி நிறுத்தம், மறுபக்கம் கடன் வரம்பு தளர்வு, இரண்டும் ஒரே கோடையில். அந்தத் தளர்வு இல்லாதிருந்தால் வெட்டு பஞ்சப்படியோடு நின்றிருக்காது.

“எதை வெட்டுனாலும் ஒண்ணுதானா?”

இல்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதவரிடமிருந்து ஒரு ரூபாயை எடுத்தால் அந்த ரூபாய் முழுக்கச் செலவிலிருந்து போகும். சேமிக்கும் வசதி உள்ளவரிடம் எடுத்தால் பாதி அவர் சேமிப்பிலிருந்து போகும், கடைக்குத் தெரியாது. ஆனால் நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது சாலை, பாலம், மழைநீர் வடிகால் போன்ற கட்டுமானம். சம்பளத்தை வெட்டினால் ஊர்வலம் வரும், கட்டாத வடிகாலுக்கு யார் ஊர்வலம் போவது? வியாசர்பாடியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துகிறவர்களுக்கு அந்த வெட்டின் கணக்கு பல வருடம் கழித்து வரும்.

“நல்ல காலத்துல கொறைங்க, கெட்ட காலத்துல செலவழிங்கன்றீங்க. நல்ல காலத்துல எந்த கவர்மென்ட் சார் கொறைச்சிருக்கு?”

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். செழிப்பான காலம்தான் கஜானாவை இறுக்க ஏற்ற காலம் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1937இலேயே எழுதிவிட்டார். கிரீஸோ யூரோவில் சேர்ந்த பிறகு வந்த நல்ல வருடங்களிலும் 3% வரம்பைத் தொடர்ந்து மீறியது. மந்த காலத்தில் வெட்டக் கூடாது என்று சொல்கிற என் போன்றவர்கள் அந்த வருடங்களில் போதுமான சத்தம் போட்டோமா என்று கேட்டால் நியாயமான கேள்விதான்.

இதைச் சட்டத்தாலேயே கட்டிப்போட நம் நாட்டில் முயன்றிருக்கிறார்கள். 2003இன் நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது இரண்டு விதிகள் வைத்தார்கள். ஒரு காலாண்டின் வளர்ச்சி முந்தைய நான்கு காலாண்டுகளின் சராசரியைவிட 3 சதவீதப் புள்ளி இறங்கினால், பற்றாக்குறை இலக்கை ஜி.டி.பி.யில் 0.5% வரை தாண்டலாம். அதே போல 3 புள்ளி ஏறினால், பற்றாக்குறையைக் குறைந்தது 0.25% குறைக்க வேண்டும். படிக்க அழகாக இருக்கும்.

2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வளர்ச்சி 20.1% என்று முதல் மதிப்பீடு வந்தது. முந்தைய நான்கு காலாண்டுகளின் சராசரியோ பூஜ்யத்துக்குக் கீழே. விதியை எழுத்துப்படி படித்தால் அது செழிப்புக் காலம், அரசு வெட்டியாக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்ற காலாண்டு அது. அந்த 20 சதவீதம், முந்தைய வருடம் விழுந்த குழியிலிருந்து அளந்த உயரம். நாட்டின் உற்பத்தி அப்போது 32.38 லட்சம் கோடி, இரண்டு வருடத்துக்கு முன் அதே காலாண்டில் 35.66 லட்சம் கோடி. குழிக்குள் இருந்து ஏறுகிறவரும் மாடியில் ஏறுகிறவரும் வளர்ச்சி விகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அதனால் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்தால், விகிதத்தை அழித்துவிட்டு இந்த இரண்டு தொகைகளையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.